கண்ணாடித் தம்ளரில் படியும் வெண்படலம்: கடின நீர்ப் பாடத்திற்கு ஒரு வீட்டுச் சான்று

எங்கள் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கினார். இரண்டு மாதங்களில் கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் பால் ஊற்றிக் கழுவாமல் விட்டதுபோல் மங்கிவிட்டன. அழுக்கு சரியாகப் போகவில்லை என்று எண்ணிச் சோப்புத் தூளை இரு மடங்காக்கினார். மங்கல் குறையவில்லை, கூடியது. "கண்ணாடியே கெட்டுவிட்டதா, மேலே ஏதாவது படிந்திருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார். சரியான கேள்வி அதுதான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றைப் போக்கலாம், மற்றதைப் போக்க முடியாது.

அவர் வீட்டுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் கால்சியம் பைகார்பனேட் கரைந்துள்ளது. இயந்திரத்தினுள் நீர் 60 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அது சிதைகிறது:

Ca(HCO₃)₂ → CaCO₃ + CO₂ + H₂O

இது நாம் வகுப்பில் 'தற்காலிகக் கடினத்தன்மை' என்று நடத்தும் அதே வினைதான். கரையாத கால்சியம் கார்பனேட் வெண்படலமாகக் கண்ணாடியில் ஒட்டுகிறது. கடைசி அலசலில் தம்ளரின்மேல் நிற்கும் துளிகள் காயும்போதும் அவற்றிலிருந்த உப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. கழுவும் தூளில் உள்ள சோடியம் கார்பனேட்டும் கால்சியத்துடன் சேர்ந்து இதே வீழ்படிவைத் தரும். தூளைக் கூட்டியதும் மங்கல் கூடியதற்கு அதுவே காரணம்.

நீரைப் பரிசோதித்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 420 மில்லிகிராம் இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஏற்கத்தக்க வரம்பு 200. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. ஆக, குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட நீரே தம்ளரை மங்கச் செய்யப் போதுமானது. ஓர் அலசலுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த நீரில் ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் கடின உப்பு இருக்கிறது. அதில் சிறு பங்கே பாத்திரங்களில் தங்கினாலும், நாள்தோறும் சேரும்போது படலமாகிவிடும்.

படலமா, அரிப்பா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மங்கிய தம்ளரின் பாதி மட்டும் மூழ்கும்படி சமையல் வினிகரில் 15 நிமிடம் வைத்து, மென்மையான பஞ்சால் தேய்த்து அலசித் துடைக்க வேண்டும். மூழ்கிய பாதி தெளிந்தால் அது கடின நீர்ப் படலம். அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிட்டது என்று பொருள். இரண்டாம் முறையும் மாற்றமில்லை என்றால் பெரும்பாலும் அது அரிப்பு. சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறங்கள் தெரிவதும் அரிப்பின் அடையாளம். அதிகச் சூடும் அளவுக்கு மீறிய காரமும் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடுகின்றன. வியப்பு என்னவென்றால், இது மென்னீரில்தான் எளிதில் நேரும். அரித்த தம்ளரை மீட்க வழியில்லை.

ஆசிரியையின் தம்ளர் பாதி தெளிந்தது. மற்றவற்றை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தார், எல்லாம் தெளிந்தன. பொன் விளிம்பிட்ட கண்ணாடிகளை மட்டும் இப்படி ஊறவைக்கக் கூடாது. வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ பிளீச்சிங் தூளுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

படலம் மீண்டும் வராதிருக்க இயந்திரத்தைப் பார்த்தோம். அதன் அடியில் இருந்த உப்புக் கலன் காலி. இத்தகைய இயந்திரங்களில் நீர் முதலில் அயனிப் பரிமாற்ற ரெசின் வழியே செல்லும். ரெசின் கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு சோடியம் அயனிகளை விடுகிறது. சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல்தான் ரெசினைப் புதுப்பிக்கிறது. உப்பு இல்லையேல் கடின நீர் அப்படியே உள்ளே போகும். இதற்கென விற்கும் கல் உப்பையே இட வேண்டும். சமையல் தூள் உப்பு கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தில் கடினத்தன்மை அளவையும் நம் நீருக்கேற்ப மாற்ற வேண்டும். அது ஜெர்மன் டிகிரியில் குறிக்கப்பட்டிருந்தால் நம் அளவை 17.8 ஆல் வகுக்க வேண்டும்: 420 என்பது ஏறத்தாழ 24 டிகிரி. இவர் இயந்திரத்தில் அது மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. உப்பை நிரப்பி, அளவைத் திருத்தி, துளிகள் நிற்காமல் வழிந்தோட உதவும் அலசல் திரவத்தையும் ஊற்றினார். தூளைப் பழைய அளவுக்கே குறைத்தார். அதன்பின் படலம் வரவில்லை.

வகுப்பில் இதைச் செய்ய இயந்திரம் தேவையில்லை. இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ஒன்றின்மேல் ஆழ்துளைக் கிணற்று நீரையும், மற்றதன்மேல் வாலைவடிநீரையும் சில துளிகள் இட்டு வெயிலில் காயவிடுங்கள். முதல் துண்டில் வெண்வளையம் தெரியும். அதன்மேல் ஒரு துளி வினிகர் விட்டால் வளையம் கரையும். "உப்பு போட்டால் நீர் எப்படி மென்மையாகும்?" என்று மாணவர் கேட்டால், கடினத்தன்மைக்குக் காரணம் உப்புச் சுவை அல்ல, கால்சியமும் மக்னீசியமும்தான் என்பதை விளக்க அதுவே நல்ல தருணம்.