‘நாளை’ என்று எழுதாதீர்கள்

கல்லூரி மாணவர்கள் நடத்தும் விற்பனைக் கண்காட்சிக்கு அந்தக் காலத்தில் பத்திரிகைச் செய்தி என்றால், இடையில் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து, நாகர்கோவிலில் உள்ள ஒவ்வொரு நாளிதழ் அலுவலகத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. திங்களன்று கொடுத்தது செவ்வாய் வரலாம். விளம்பரம் கூடிவிட்டால் புதன்கூட ஆகலாம். அதனால்தான் ‘நாளை’ என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. இடம் போதாதபோது கடைசிப் பத்தியில்தான் முதலில் கத்தரி விழும். எங்கே, எப்போது, யார் நடத்துகிறார்கள், என்ன கிடைக்கும் என்பதெல்லாம் முதல் பத்திக்குள் வந்துவிட்டால் செய்தி பிழைத்துக்கொள்ளும். சிறப்பு விருந்தினர் பட்டியல் போனாலும் கூட்டம் குறையாது.

இன்று வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் எல்லாச் செய்தியாளர்களுக்கும் போகிறது. வெட்ட ஆளில்லை என்பதால், முதல் ஐந்து வரியும் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் பெயர்களாகவே நிற்கின்றன; கண்காட்சி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பல கல்லூரிகள் வண்ணச் சுவரொட்டியை மட்டும் அனுப்பிவிடுகின்றன. படத்திலுள்ள எழுத்தைச் செய்தியாளர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அந்த அவசரத்தில் தேதி மாறிப்போகும். படம் போகட்டும், கூடவே யூனிகோடில் நான்கு வரியும் போக வேண்டும்.

தேதிக்கு இன்று வேறொரு ஆபத்தும் உண்டு. நாளிதழ் மறுநாள் பழைய தாளாகிவிடும். வாட்ஸ்அப் செய்தி கண்காட்சி முடிந்த பிறகும் குழு குழுவாகச் சுற்றும். ‘வரும் சனிக்கிழமை’ என்று மட்டும் இருந்தால், களியக்காவிளையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து பூட்டிய அரங்கைப் பார்த்துத் திரும்புவார். ஆண்டும் கிழமையும் சேர்ந்தே வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்க்கிறேன்:

*மட்டிப்பழம் முதல் முந்திரிக்கொத்து வரை: மாணவர்கள் நடத்தும் விற்பனைக் கண்காட்சி*

*நாகர்கோவில்: எங்கள் கல்லூரி வணிகவியல் மாணவர்கள் 2026 ஜனவரி 24, சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 5 மணி வரை கல்லூரி அரங்கில் விற்பனைக் கண்காட்சி நடத்துகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம், கருப்பட்டி, முந்திரிக்கொத்து, பனையோலைப் பெட்டிகள் கிடைக்கும். அனுமதி இலவசம்.*

*“போன தடவை முந்திரிக்கொத்து மத்தியானத்துக்குள்ள தீர்ந்துபோச்சு. இந்தத் தடவை ரெண்டு மடங்கு செய்யுறோம்” என்றார் ஒருங்கிணைக்கும் மாணவி.*

கடைசியில் அந்த மாணவியின் பெயரும், அழைத்தால் எடுக்கிற ஒரு கைப்பேசி எண்ணும் வர வேண்டும்.

மேற்கோளை அவள் வாயிலிருந்தே கேட்டு எழுத வேண்டும். ‘தொழில்முனைவுத் திறனை வளர்க்கும்’ என்ற வாசகத்தை எந்தக் கல்லூரியும் அனுப்பலாம். முந்திரிக்கொத்து தீர்ந்த கதையை அவளால்தான் சொல்ல முடியும்.

அனுப்பிய பிறகு இடம் மாறினால், அன்று பக்கம் முடிவதற்குள் அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். இன்று பழையதை அழித்தாலும் பிறர் பகிர்ந்தது அழியாது. அதனால் முதல் வரியிலேயே ‘திருத்தம்: இடம் மாற்றம்’ என்று போட்டு, முழுச் செய்தியையும் மறுபடி அனுப்ப வேண்டும்.