கணவன், மனைவி இருவரும் மருந்து எடுக்கவேண்டிய நோய்கள்

செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு அடிவயிற்றில் நோ, நாற்றத்துடன் வெள்ளைபடுதல். வைத்தியசாலையில் மருந்து எடுத்தார்; சுகமானது. ஒரு மாதத்தில் அதே வருத்தம் திரும்பவும் வந்தது. மருந்தில் பிழையில்லை. கணவரிடம் இருந்த கிருமி மீண்டும் அவருக்குத் தொற்றிவிட்டது. கணவருக்கோ ஒரு அறிகுறியும் இல்லை.

கொனோரியா (வெட்டை நோய்), கிளமிடியா இரண்டும் உடலுறவால் தொற்றுபவை. ஆண்களுக்குச் சலம் கழிக்கும்போது எரிவும், ஆண்குறியிலிருந்து சீழும் வரலாம். பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறி இடுப்பறை அழற்சியை உண்டாக்கும். குழாயில் தழும்பு விழுந்தால் பிள்ளை தங்காமல் போகலாம். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தும் வரலாம்.

பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியாத இடங்களில், வைத்தியர் அறிகுறிகளைக் கேட்டு, உடலைப் பார்த்து, அவற்றை உண்டாக்கக்கூடிய கிருமிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றே மருந்து தருவார். இந்த இரண்டு கிருமிகளும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதால், வழக்கமாக ஒரு ஊசியும் குளிசைகளும் கிடைக்கும். இடுப்பறை அழற்சிக்குக் குளிசை 14 நாள். நோ குறைந்ததும் நிறுத்த வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்; சில குளிசைகள் அப்போது கூடாது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. அறிகுறி இல்லாதவரை அது கண்டுபிடிக்காது. அதனால்தான் கடந்த இரண்டு மாதத்தில் உங்களுடன் உறவு கொண்டவரும், சுகமாக இருந்தாலும், வைத்தியரைப் பார்த்து மருந்து எடுக்கவேண்டும். உங்கள் குளிசையைப் பாதியாகப் பங்கிட்டுக் கொடுத்தால் இருவருக்கும் சுகமாகாது. இருவரும் மருந்தை முடித்து, ஊசியோ ஒரே நேரக் குளிசையோ என்றால் அதன்பின் 7 நாளும் கழியும்வரை உறவைத் தவிருங்கள்.

“யார் கொண்டுவந்தது?” என்று சண்டை பிடிக்க வேண்டாம். கிருமி பல மாதம் சத்தமில்லாமல் இருக்கும். இப்போது தெரிந்ததை வைத்து எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வெள்ளைபடுதல் எல்லாமே பாலியல் நோயுமல்ல. பங்கசுத் தொற்றாலும் வரும்.

அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய் கிளினிக்கில் சிகிச்சை இலவசம், விபரம் இரகசியம். துணைவருக்குக் கொடுக்க ஒரு துண்டும் கேட்டு வாங்கலாம். நேரில் சொல்லக் கூச்சமென்றால் உங்கள் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

காய்ச்சலுடன் கடும் வயிற்றுநோ, வாந்தி, அல்லது மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு பக்கம் நோ இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். 3 நாள் மருந்து எடுத்தும் நோ குறையாவிட்டால் திரும்பப் போங்கள்.