ரெப்போ ஏறினால் நம்ம கடன் என்ன ஆகும்? வையம்பட்டிப் பக்கத்துக் கணக்கு ஒன்று

"ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்திருச்சு" என்று செய்தி வந்தாலே, பயிர்க்கடன் வட்டியும் ஏறிவிடுமோ என்ற கவலை நம் உழவர்களுக்கு வந்துவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், பயிர்க்கடனுக்கு நேராக ஏறாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள மற்ற கடன்களுக்கு ஏறும். இயற்கை விவசாயத்துக்கு மாறுகிற குடும்பம் பெரும்பாலும் வாங்குவது அந்த மற்ற கடன்களைத்தான். அதனால் இந்த வேறுபாட்டை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் பணத்தின் வட்டி. 2022 மே மாதத் தொடக்கத்தில் இது 4 சதவீதமாக இருந்தது. விலைவாசியை அடக்குவதற்காகப் படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம் ஏறிவிட்டது. வங்கிக்குப் பணம் கிடைக்கும் செலவு கூடினால், அது நம்மிடம் வாங்கும் வட்டியும் கூடத்தானே செய்யும்?

பயிர்க்கடனில் அப்படி நடக்காததற்குக் காரணம் இருக்கிறது. உழவர் கடன் அட்டையில் மூன்று லட்சம் ரூபாய் வரை வாங்கும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 சதவீதம் என்று அரசு வட்டியைக் கட்டிவைத்திருக்கிறது. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் கழிவு கிடைக்கும், நமக்கு 4 சதவீதம்தான் விழும். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிக் கெடுவுக்குள் கட்டுபவர்களுக்கு வட்டியே கிடையாது, அதை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. ரெப்போ 4 ஆக இருந்தாலும் 6.50 ஆக இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை.

இதில் பாரம் வங்கியின் மேல் விழுகிறது. 7 சதவீதத்துக்குக் கடன் கொடுப்பதற்காக மத்திய அரசு வங்கிக்குத் தருவது 1.5 சதவீதம். வட்டி ஏறிக்கொண்டிருந்த 2022 ஆகஸ்டில்தான் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. இரண்டையும் சேர்த்தால் வங்கிக்குக் கிடைப்பது எட்டரை சதவீதம். டெபாசிட் வட்டி ஏற ஏற இதில் வங்கிக்கு மிஞ்சுவது குறைகிறது. அப்போது சின்ன உழவருக்குப் பாதிப்பு வட்டியில் வராது, கடன் கிடைப்பதில் வரலாம். கடன் வரம்பைக் கூட்டித் தரத் தயங்குவது, புதுப்பிக்க நாள் கடத்துவது, "நகை இருந்தா கொண்டு வாங்களேன்" என்று வேறு வழி காட்டுவது என்று அது வெளிப்படும்.

இதை ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வையம்பட்டி ஒன்றியத்தில் மூன்று ஏக்கர் நிலம். ஒரு ஏக்கருக்குக் கிணற்றுப் பாசனம், மீதி மானாவாரி. சோளமும் நிலக்கடலையும் போடுகிறார்கள். இயற்கைக்கு மாறியதால் யூரியா, டி.ஏ.பி. செலவு போய்விட்டது. பதிலாகச் சாணத்துக்கும் கோமியத்துக்கும் இரண்டு நாட்டு மாடு வேண்டும், கிணற்றைத் தூர் எடுத்து மோட்டாரும் மாற்ற வேண்டும். ஆக அவர்களிடம் மூன்று கடன்கள் இருக்கின்றன. சங்கத்தில் பயிர்க்கடன் 60,000. வங்கியில் மாட்டுக்கும் மோட்டாருக்கும் ஐந்து வருடத் தவணைக்கடன் 2 லட்சம். அந்த வீட்டு அம்மா குழுவில் வாங்கிய கடன் 40,000.

முதலில் தவணைக்கடன். மாடு வாங்குவது, மோட்டார் வைப்பது எல்லாம் முதலீட்டுக் கடன். பயிர்க்கடனுக்கு இருக்கும் 7 சதவீதப் பாதுகாப்பு இதற்கு இல்லை. வீட்டுக்கடனைப் போல ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு நேராகக் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் வேளாண் கடனுக்கு இல்லை. பெரும்பாலும் எம்.சி.எல்.ஆர். என்ற, வங்கி தன் பணச்செலவை வைத்துப் போடும் விகிதத்தோடு கட்டியிருப்பார்கள். அது ரெப்போவுக்குப் பின்னாலேயே மெதுவாக ஏறும். நம் கணக்கில் வட்டி மாறுவது, ஒப்பந்தத்தில் குறித்த மறுநிர்ணய நாளில்தான். வருடத்துக்கு ஒருமுறை என்று இருப்பது வழக்கம்.

வருடத்துக்கு 40,000 அசல் கட்டுவதாக வைத்தால், ஐந்து வருடமும் நிலுவையில் நிற்கும் தொகை 2 லட்சம், 1.60, 1.20, 80,000, 40,000 என்று குறையும். கூட்டினால் 6 லட்சம். வட்டி ஒன்றரை சதவீதம் ஏறினால் மொத்தக் காலத்துக்கும் கூடுதல் செலவு 9,000 ரூபாய். இரண்டரை சதவீதமும் ஏறினால் 15,000. மூன்று ஏக்கர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

அடுத்து குழுக்கடன். 2022 ஏப்ரல் முதல் நுண்கடன் நிறுவனங்களுக்கு வட்டி உச்சவரம்பு கிடையாது. அந்த நிறுவனங்களும் வங்கியில் கடன் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கின்றன, அதனால் ஏற்றம் இங்கேயும் வந்து சேரும். 40,000 ரூபாயை 24 மாதத் தவணையில் 24 சதவீதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 2,115. அதுவே 26 சதவீதமானால் சுமார் 2,155. மாதம் 40 ரூபாய்தான் கூடுகிறது. ஆனால் இரண்டு வருடத்தில் கட்டும் வட்டியைக் கூட்டிப் பாருங்கள், 24 சதவீதத்திலேயே பத்தாயிரத்துக்கு மேல் போகிறது. இங்கே ரெப்போ ஏறியதைவிட, அடிப்படை வட்டியே பெரிய சுமை.

மூன்றாவது பயிர்க்கடன். ரெப்போ இதைத் தொடாது என்றோம், ஆனால் கெடு தொடும். 60,000 ரூபாய்க்கு ஒரு வருட வட்டி 7 சதவீதத்தில் 4,200. கெடுவுக்குள் கட்டினால் அந்த 4,200 மிச்சம். அதற்காகப் பலரும் வெளியே கைமாற்று வாங்கிக் கட்டி, சங்கத்தில் மறுபடி கடன் எடுத்து அடைக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் 60,000-க்கு மாதம் 3,000. பத்து நாளில் புதுக்கடன் வந்துவிட்டால் 1,000 ரூபாயோடு போயிற்று, லாபம்தான். ஆனால் 42 நாள் தாண்டினால் மிச்சம் பிடித்த 4,200-ம் வெளி வட்டியிலேயே கரைந்துவிடும். அதற்குமேல் நாள் ஆக ஆக நட்டம்தான். வட்டி ஏறும் காலத்தில் புதுப்பிக்கும் வேலை இழுபட்டால் இங்கேதான் அடி விழும்.

அதனால் கைமாற்று வாங்குவதற்கு முன்பே சங்கத்தில் கேட்டுவிடுங்கள்: புதுக்கடனுக்குப் பணம் வந்திருக்கிறதா, எத்தனை நாளில் கிடைக்கும்? சிட்டா, அடங்கலைக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே எடுத்து வையுங்கள். மழை தவறி விளைச்சல் போனால், கெடு தாண்டும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே எழுத்தில் தெரிவியுங்கள்.

தவணைக்கடன் வாங்கும்போது மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது, மறுநிர்ணய நாள் எது, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா? கடன் நடப்பில் இருப்பவர்கள் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். 2025-ல் ரெப்போ இறங்கியது, ஜூனில் 5.50-க்கு வந்தது. ஏறியபோது ஏறிய உங்கள் வட்டி, மறுநிர்ணய நாள் கடந்த பிறகாவது இறங்கியிருக்கிறதா? இறங்கவில்லை என்றால் கிளை மேலாளரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

கடைசியாக, மாடும் மோட்டாரும் ஒரே வருடத்தில் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். முதல் வருடம் ஒரு மாட்டோடு தொடங்கி, அதன் சாணத்தில் ஒரு ஏக்கரை மட்டும் மாற்றினால், வட்டி ஏறி இறங்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும்.