வெள்ளம் புகுந்த பட்டறையும் முடியாத ஆர்டர்களும்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. சி.என்.சி. மெஷின்களின் மின்பெட்டிகள் வரை சேற்றுநீர் ஏறிய சிறு பட்டறைகள் அங்கே நிறைய. எல்லோரும் நஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அதே வாரத்தில் ஒவ்வொரு முதலாளியும் எழுதியாக வேண்டிய ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சரக்குக்குக் காத்திருக்கும் பார்ட்டிக்கு, ‘உற்பத்தி நின்றுவிட்டது, உங்கள் ஆர்டரின் கதி இது’ என்று சொல்லும் கடிதம் அது.

பர்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்றொரு பிரிவு இருக்கும். வெள்ளம், நிலநடுக்கம், போர், அரசுத் தடை போன்று யாருடைய கைக்கும் அடங்காத நிகழ்வால் சப்ளை தடைபட்டால், அந்தக் காலத்துக்குத் தாமத அபராதம் கிடையாது என்பது அதன் சாரம். ஆனால் அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. பல ஒப்பந்தங்கள் ‘நிகழ்வு நடந்த இத்தனை நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்’ என்று கெடு வைத்திருக்கும். அந்தக் கெடு 7 நாளாகவும் இருக்கலாம், 21 நாளாகவும் இருக்கலாம். கெடு தவறினால் உரிமையே போய்விடும் என்று எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு. பர்சேஸ் அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் நாலு வெள்ளப் படம் அனுப்பிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து. ஒப்பந்தத்தில் எந்த முகவரி குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அந்த முகவரிக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் போக வேண்டும்.

ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஆறு சி.என்.சி. லேத். நான்கு தண்ணீரில் மூழ்கிவிட்டன. மேடான பக்கத்தில் இருந்த இரண்டு தப்பின. கையில் மூன்று பார்ட்டிகளின் ஆர்டர். முதலாளி பதற்றத்தில் மூன்று பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்: ‘புயலால் எங்கள் எல்லா ஆர்டர்களும் காலவரையின்றி நிறுத்தப்படுகின்றன.’

இந்த ஒரு வரிதான் அவருக்குப் பின்னால் வினையாகிறது. ஏனென்றால் எல்லா ஆர்டரும் புயலால் நிற்கவில்லை.

ஓசூர் பார்ட்டிக்கு 4,000 புஷ் பேக் ஆகி மேல் ரேக்கில் ஈரம் படாமல் இருக்கிறது. சாலை திறந்ததும் லாரி ஏற்றிவிடலாம். இந்த ஆர்டரில் நின்றது உற்பத்தியல்ல, போக்குவரத்து மட்டுமே. அதுவும் சில நாள்தான். அதையும் நின்ற கணக்கில் சேர்த்தால், கையில் சரக்கை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார் என்றுதான் ஓசூர்க்காரர் நினைப்பார்.

கோவை பம்ப் கம்பெனியின் ஆர்டர் ஜாப் ஒர்க். இரும்புக் கம்பி அவர்களுடையது. 5,000 ஷாஃப்டில் 2,000 கடைந்து முடித்து, சேற்றில் கிடந்து துருப்பிடித்துவிட்டது. அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் கம்பெனிதான் என்பதால், பழைய இரும்புக்காரருக்கு எடை போட பட்டறைக்கு உரிமையில்லை. எத்தனை நனைந்தது, எத்தனை தப்பியது, தனியாக எங்கே வைத்திருக்கிறோம் என்று எழுதி, வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். தேய்த்துச் சரிசெய்வதா, கழித்துவிடுவதா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

மூன்றாவது, ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டி. 6,000 பின் நவம்பர் 25-க்கே போயிருக்க வேண்டும். புயல் வருவதற்கு முன்பே ஒன்பது நாள் தாமதம். இங்கேதான் பலர் புயலின் நிழலில் ஒதுங்கப் பார்க்கிறார்கள். 2020-ல் ஹாலிபர்ட்டன், வேதாந்தா நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கோவிட் ஊரடங்குக்கு முன்பே நடந்த தவறுக்கு ஊரடங்கைக் காரணம் காட்ட முடியாது என்றது. அதே நியாயம் புயலுக்கும் பொருந்தும். பழைய தாமதத்தைத் தனியாக ஒப்புக்கொண்டு, எந்தத் தேதியில் கொடுக்க முடியும் என்று பேசுவதுதான் நேர்மையும் பாதுகாப்பும்.

ஆக, போக வேண்டியது மூன்று வெவ்வேறு கடிதங்கள். பொதுவாக ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். கோவைக்குப் போகும் கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

‘டிசம்பர் 4 அன்று எங்கள் ஷெட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஆறு லேத்தில் நான்கு இயங்கவில்லை. உங்கள் ஆர்டரின் ஃபோர்ஸ் மஜூர் பிரிவின்கீழ் இதைத் தெரிவிக்கிறோம். 5,000 ஷாஃப்டில் 2,000 நனைந்துவிட்டது. 3,000-க்கான கம்பி நன்றாக இருக்கிறது. சர்வீஸ் இன்ஜினியர் 12-ம் தேதி மெஷின்களைப் பார்க்கிறார். 14-ம் தேதி மறுபடி எழுதுகிறோம். அதுவரை சப்ளை தேதி சொல்ல இயலவில்லை.’

கடைசி இரண்டு வரிகள் முக்கியமானவை. சேற்றுநீர் குடித்த டிரைவும் ஸ்பிண்டிலும் எப்போது தேறும் என்று இன்ஜினியர் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. பார்ட்டியைச் சமாதானப்படுத்த ‘பத்து நாளில் தந்துவிடுகிறோம்’ என்று வாய் கொடுத்தால், அதை நம்பி அவர் வேறு இடத்தில் வாங்காமல் இருப்பார். பதினோராம் நாள் அவருடைய அசெம்பிளி லைன் நிற்கும். சப்ளை தேதி தெரியாவிட்டாலும், அடுத்து எப்போது தகவல் வரும் என்ற தேதியைச் சொல்ல முடியும்.

கடிதத்தோடு ஆதாரமும் போக வேண்டும். தேதி தெரியும் படங்கள், மின்சாரம் துண்டிக்கப்பட்டதற்கான பதிவு, இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை எல்லாம் உதவும். சர்வேயர் வருமுன் ஷெட்டைக் கழுவிவிட்டால் ஆதாரமும் சாக்கடையோடு போய்விடும்.

தப்பிய இரண்டு லேத்தில் யாருடைய வேலையை முதலில் ஓட்டுவது? மூன்று பேருக்கும் இனிமேல் கடைந்து தர வேண்டிய மொத்த பாக்கி 30,000 பீஸ் என்று வைத்துக்கொள்வோம்: 15,000, 9,000, 6,000. ஜனவரிக்குள் 10,000-தான் முடியும் என்றால், அதே விகிதத்தில் 5,000, 3,000, 2,000 என்று பிரிக்கலாம். அமெரிக்க வணிகச் சட்டம், விற்பவர் இருப்பதை நியாயமாகப் பங்கிட்டு, யாருக்கு எவ்வளவு என்று தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அப்படியொரு வரி இல்லை. ஆனாலும், அதிக விலை தருபவருக்கு மட்டும் ஓட்டிவிட்டு மற்றவருக்கு ‘வெள்ளம்’ என்று சொன்னால், உங்களைத் தடுத்தது வெள்ளம் அல்ல, உங்கள் முடிவு என்று அவர் வாதாடலாம்.

செலவு கூடிவிட்டது என்பதும் காரணமாகாது. 2017-ல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதை ஃபோர்ஸ் மஜூராக ஏற்கவில்லை. அந்தப் பிரிவே இல்லாத ஆர்டரில் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவுதான் துணை. அது ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால்தான் கைகொடுக்கும். கஷ்டமாகிவிட்டது என்றால் கொடுக்காது. அப்படி ஒப்பந்தம் செல்லாமல் போனால், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு.

வாங்குபவர் பக்கமும் கடமை உண்டு. ஏற்கெனவே வந்து சேர்ந்த சரக்குக்கான பணத்தை, பட்டறை மூழ்கிவிட்டது என்பதற்காக நிறுத்திவைக்கக் காரணமில்லை. அதேசமயம் அவர் முடிவில்லாமல் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மத்திய அரசின் கொள்முதல் கையேடு, தடை 90 நாளைத் தாண்டினால் இரு தரப்பில் எவரும் பணப் பாதிப்பின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. தனியார் ஆர்டர்களில் இந்தக் கால அளவு வேறுபடும்.

பட்டறை நடத்துபவர்கள், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையிலுள்ள ஒவ்வொரு பர்சேஸ் ஆர்டரையும் எடுத்து, ஃபோர்ஸ் மஜூர் பிரிவு இருக்கிறதா, தெரிவிக்க எத்தனை நாள் கெடு, எந்த முகவரி என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து, தண்ணீர் ஏறாத இடத்தில் வையுங்கள்.