காசேட்டு மீதியும் வங்கி மீதியும்: எந்த வித்தியாசத்தைக் கண்டு விழிக்க வேண்டும்?

காத்தான்குடியில் புடவைக்கடை நடத்தும் ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் சரக்கெடுத்தால், பெரும்பாலும் காசோலைதான் கொடுப்பார். பிந்திய திகதியிட்ட காசோலையும் வியாபாரத்தில் சாதாரணம். மாதம் முடிந்து வங்கிக் கூற்று கைக்கு வரும்போது காசேட்டில் ஒரு மீதி, கூற்றில் வேறொரு மீதி நிற்கும். அதைப் பார்த்ததும் சிலர் வங்கி ஏமாற்றிவிட்டது என்று பதறுகிறார்கள். வேறு சிலர், வங்கிக் கணக்குப் பிழைக்காது என்று கூற்றை மடித்து லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வழியும் நட்டத்தில்தான் முடியும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நடைமுறைக் கணக்கில் இரண்டு மீதிகளும் ஒத்துப்போகாமல் இருப்பது வழமையான விடயம். அந்த வித்தியாசத்தின் ஒவ்வொரு ரூபாவுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகள் படிக்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறைதான். பரீட்சைக்குப் பயன்படுவதைவிடக் கடைக்கு அது அதிகம் பயன்படும்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

காரணங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது, நாம் எழுதிவிட்டோம், வங்கிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நாம் கொடுத்த காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடாமல் வைத்திருப்பார். நாம் வைப்பிலிட்ட காசோலை இன்னும் கிளியரிங் முடிந்து வந்திராது. வெள்ளிக்கிழமை மாலையில் போட்ட காசோலை திங்கட்கிழமைதான் கிளியரிங்குக்குப் போகும். பணம் சேரச் செவ்வாய் ஆகலாம். இடையில் போயா விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளும்.

இரண்டாவது, வங்கி பதிந்துவிட்டது, நமக்குத் தெரியாது. காசோலைப் புத்தகக் கட்டணம், கார்ட் மெஷின் தரகு, நிலையியற் கட்டளைப்படி போன தவணை, வாடிக்கையாளர் நேரே கணக்குக்கு அனுப்பிய பணம், திரும்பி வந்த காசோலை எல்லாம் இந்த வகை. வட்டியில்லா வங்கிச் சேவையில் கணக்கு வைத்திருப்பவருக்குச் சேரும் இலாபப் பங்கும் இப்படித்தான் கூற்றில் முதலில் தெரியும்.

மூன்றாவது, பிழை. அது நம்முடையதாகவும் இருக்கலாம், வங்கியுடையதாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே ஒருவர் செய்ததாகவும் இருக்கலாம்.

இவற்றை எங்கே எழுதுவது என்பதில்தான் மாணவர்களும் கடைக்காரர்களும் தடுமாறுகிறார்கள். நமக்குத் தெரியாமல் இருந்ததையும் நாம் விட்ட பிழையையும் காசேட்டில் திருத்த வேண்டும். வங்கிக்கு இன்னும் தெரியாததையும் வங்கி விட்ட பிழையையும் கணக்கிணக்கக் கூற்றில் காட்ட வேண்டும். கொடுத்த காசோலை வங்கிக்கு வரவில்லை என்பதற்காகக் காசேட்டில் அதை அழிக்கக் கூடாது. கடன்காரர் கையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு கடையின் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். 2025 ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. ஒரு புடவைக்கடையின் காசேட்டில் வங்கி மீதி 412,000 ரூபா. வங்கிக் கூற்றில் 515,100 ரூபா. வங்கியில் 103,100 ரூபா கூடுதலாக இருக்கிறது. பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கும்.

முதல் வேலை, கூற்றையும் காசேட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள தொகைகளுக்குப் பென்சிலால் சரி அடையாளம் இடுவது. போன மாதக் கணக்கிணக்கக் கூற்றில் நிலுவையாக நின்றவை இந்த மாதம் தீர்ந்தனவா என்றும் பார்க்க வேண்டும். அடையாளம் விழாதவைதான் வித்தியாசத்தின் காரணங்கள்.

காசேட்டில் திருத்த வேண்டியவை இவை. ஓட்டமாவடி வாடிக்கையாளர் ஒருவர் நேரே அனுப்பிய 45,000 ரூபா பதியப்படவில்லை, கூட்ட வேண்டும். வைப்பிலிட்ட 38,000 ரூபா காசோலை திரும்பிவிட்டது, கழிக்க வேண்டும். வங்கிக் கட்டணங்கள் 1,500 ரூபா. அதையும் கழிக்க வேண்டும். கார்ட் மெஷினில் 80,000 ரூபாவுக்கு விற்றதைக் கடை முழுதாக எழுதியிருக்கிறது, வங்கி 2,000 ரூபா தரகு போக 78,000 ரூபாதான் சேர்த்திருக்கிறது. கடைசியாக, மின்சாரக் கட்டணத்துக்குக் கொடுத்த 12,600 ரூபா காசோலையைக் காசேட்டில் 16,200 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். 3,600 ரூபாவைத் திரும்பக் கூட்ட வேண்டும். இப்படி இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றிப் பிரியும். காரணம் தெரியாத தொகை ஒன்பதால் பிரிந்தால், முதலில் இந்தப் பிழையைத் தேடிப் பார்க்கலாம்.

திருத்திய காசேட்டு மீதி 419,100 ரூபா.

இனி வங்கிப் பக்கம். கூற்று மீதி 515,100 ரூபா. அன்று மாலை போட்ட, இன்னும் தேறாத காசோலை 64,000 ரூபாவைக் கூட்டினால் 579,100. புறக்கோட்டை வியாபாரிக்கு 29ஆம் திகதி கொடுத்து, அவர் இன்னும் வங்கியில் போடாத காசோலை 185,000 ரூபாவைக் கழித்தால் 394,100.

419,100 வர வேண்டிய இடத்தில் 394,100 வருகிறது. 25,000 ரூபா குறைகிறது. வங்கியில் கூடுதலாகப் பணம் இருக்கிறது என்று நினைத்த கணக்கில் உண்மையில் பணம் குறைந்திருக்கிறது.

கூற்றை மறுபடி பார்த்தால், 25,000 ரூபாவுக்கு ஒரு காசோலை மாறியிருக்கிறது. காசேட்டில் அது இல்லை. கடையின் காசோலைப் புத்தகம் 341ஆம் இலக்கத்தில் நிற்கிறது, மாறிய காசோலையின் இலக்கமோ 375. புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினால் ஓர் இதழ் அடிக்கட்டையோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. வரிசைக்கு வெளியே ஓர் இலக்கம் கூற்றில் வந்தால், அது கவனிக்காமல் விடக்கூடாத அறிகுறி.

மூன்று ஆபத்துகள்

முதல் ஆபத்து, கைபேசியில் தெரியும் மீதியை நம்பிக் காசோலை எழுதுவது. இந்தக் கடைக்காரர் 515,100 ரூபா இருக்கிறதென்று எண்ணி நான்கு இலட்சத்துக்கு இன்னொரு காசோலை கொடுத்து அது முதலில் மாறிவிட்டால், புறக்கோட்டைக் காசோலை திரும்பும். கணக்கில் பணம் இல்லையெனத் தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க முடிந்தாலும், சந்தையில் போன பெயர் போனதுதான்.

இரண்டாவது, நம் கணக்கில் போட்டுத் திரும்பிய காசோலையைப் பிந்திக் கண்டுபிடிப்பது. வாடிக்கையாளர் கடனை அடைத்துவிட்டார் என்று காசேடு சொல்லிக்கொண்டிருக்கும். அதை நம்பி மேலும் சரக்குக் கடனாகப் போகும்.

மூன்றாவது, களவு. இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துவைப்பது நல்லது.

ஹொங்கொங் பஞ்சாலை வழக்கு

ஹொங்கொங்கில் தாய் ஹிங் என்ற பஞ்சாலைக் கம்பனி இருந்தது. அதன் கணக்கு எழுதுநர் ஒருவர் முகாமைப் பணிப்பாளரின் கையொப்பத்தைப் போலியாக இட்டு, பல ஆண்டுகளில் சுமார் 300 காசோலைகளை மாற்றி, ஏறத்தாழ 55 இலட்சம் ஹொங்கொங் டொலர் எடுத்தார். 1978இல் புதிதாக வந்த கணக்காளர் வங்கிக் கூற்றுகளைக் கம்பனிப் புத்தகங்களோடு ஒப்பிடத் தொடங்கிய பிறகே குட்டு வெளிப்பட்டது. அதுவரை அந்த வேலையை உருப்படியாகச் செய்தவர் எவரும் இல்லை.

கூற்றைப் பார்க்காதது வாடிக்கையாளரின் குற்றம் என்று வங்கிகள் வாதிட்டன. 1985இல் பிரித்தானியப் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. போலிக் கையொப்பக் காசோலைக்குப் பணம் கொடுத்த வங்கிதான் நட்டத்தைச் சுமக்க வேண்டும், மாதக் கூற்றைச் சரிபார்க்கும் சட்டக் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. வங்கித் தொழில் தொடர்பான விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்று இலங்கையின் 1852ஆம் ஆண்டுக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வதால், இந்தத் தீர்ப்பு நமக்கும் பொருள் உள்ளது.

ஆனால் இதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் கூற்று சரியென ஏற்றதாகக் கருதப்படும் என்று கணக்குத் திறக்கும் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தால் நிலைமை மாறலாம். களவைத் தெரிந்துகொண்டும் வாய் திறக்காமல் இருந்தவருக்கும், தொகைக்கு முன்னால் இடைவெளி விட்டுக் காசோலை எழுதி அதில் இலக்கம் சேர்க்க இடம் கொடுத்தவருக்கும் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

என்ன செய்வது?

விளக்கம் கிடைக்காத தொகையைக் கண்டால் அன்றைக்கே கிளை முகாமையாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். தமிழிலேயே எழுதலாம். திகதி, காசோலை இலக்கம், தொகை மூன்றையும் குறிப்பிட்டு, பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மாறிய காசோலையின் படத்தைக் கேளுங்கள். 2006 முதல் இலங்கையில் காசோலைகள் படங்களாகவே வங்கிகளுக்கிடையே பரிமாறப்படுகின்றன; யார் கையொப்பம், யார் பெயருக்கு என்பது அந்தப் படத்தில் தெரியும். புத்தகத்தில் வேறு இதழ்கள் காணாமல் போயிருந்தால் அவற்றின் கொடுப்பனவை நிறுத்தும் கட்டளையையும் அப்போதே கொடுங்கள். கையொப்பம் போலியென்றால் பொலிஸ் முறைப்பாடும் அவசியம்.

வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை. இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, வங்கிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தையும் வங்கி தந்த பதிலையும்தான்.

வங்கி தவறாக நம் கணக்கில் சேர்த்த பணத்துக்கும் இதே நேர்மை வேண்டும். அது நம்முடையது அல்ல. செலவழித்தாலும் வங்கி திரும்பக் கேட்கும்.

மாறாமல் ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது. அதைக் காசேட்டில் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் அந்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் அப்படியே இருக்கிறது.

கடைசியாக, கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். காசேடு எழுதுபவரும், காசோலைப் புத்தகத்தை வைத்திருப்பவரும், வங்கிக் கூற்றைப் பிரிப்பவரும் ஒரே ஆளாக இருக்க விடாதீர்கள். வேலைக்கு ஆள் குறைவென்றால், கூற்றை மட்டுமாவது நீங்களே பிரித்து, நீங்களே சரி அடையாளம் இடுங்கள். மாதத்தில் ஒரு மணி நேரம் போதும். அடையாளம் விழாத வரி ஒன்று மிஞ்சினால், அது எவ்வளவு சிறிய தொகையானாலும், காரணம் தெரியும்வரை அந்த மாதத்துக் கணக்கை மூடாதீர்கள்.