நான்கு வெட்டுகளில் ஓர் இறக்கை

வீட்டில் டேபிள் ஃபேன் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன் கூண்டைக் கழற்றி, ஓர் இறக்கையை நுனிப் பக்கமிருந்து நடுவை நோக்கிப் பாருங்கள். நுனி கிட்டத்தட்டப் படுத்திருக்கும். கண்ணை உள்ளே கொண்டுபோகப் போக இறக்கை நிமிர்ந்துகொண்டே வரும். மோட்டார் அருகே நன்றாகவே நின்றிருக்கும். விமான ப்ரொப்பெல்லரிலும் டிரோனிலும் இதே முறுக்குதான். இதைக் கணினியில் வரைய உட்காருபவர்கள் பலர் இறக்கையின் வடிவத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு, முறுக்கில் கோட்டை விடுகிறார்கள்.

முறுக்கு எதற்கு? பழனி மலையில் படிக்கட்டும் உண்டு, யானைப் பாதையும் உண்டு. ஏறும் உயரம் ஒன்றே. படிக்கட்டு குறுகிய வழி, அதனால் செங்குத்து. யானைப் பாதை சுற்றிப் போவதால் சரிவு குறைவு. இறக்கையிலும் அதுதான் நடக்கிறது. ஒரு சுற்றுக்கு 15 செ.மீ. முன்னேற வேண்டிய ப்ரொப்பெல்லரை எடுத்துக்கொள்வோம். இந்த 15 செ.மீ.தான் பிட்ச். மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளியிருக்கும் பகுதி ஒரு சுற்றில் சுமார் 19 செ.மீ.தான் ஓடுகிறது. 12 செ.மீ.யில் இருக்கும் பகுதியோ 75 செ.மீ. ஓடுகிறது. இரண்டும் ஏற வேண்டியது அதே 15 செ.மீ. ஆகவே உள்ளே செங்குத்து, வெளியே சரிவு.

கணக்கு ஒரே வரிதான். பிட்சைச் சுற்றளவால் வகுத்து, அதற்குரிய கோணத்தைக் கண்டால் போதும். 25 செ.மீ. விட்டமுள்ள சிறிய ப்ரொப்பெல்லருக்கு, நான்கு இடங்களில், மில்லிமீட்டரில்:

```python
import math
P = 150
for r in (30, 60, 90, 120):
    b = math.atan(P / (2 * math.pi * r))
    print(r, round(math.degrees(b), 1))
```

வரும் விடை 38.5, 21.7, 14.9, 11.3 டிகிரி. `math.degrees` என்பதை விட்டுவிட்டால் ரேடியனில் 0.7, 0.4 என்று விடை வரும். அதை டிகிரி என்று நினைத்து வரைந்தால் இறக்கை தட்டைப் பலகையாக நிற்கும்.

அந்த நான்கு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். முதல் 3 செ.மீ. நகர்வில் கோணம் 17 டிகிரி விழுகிறது. கடைசி 3 செ.மீ.யில் விழுவது 4 டிகிரிகூட இல்லை. முறுக்கு இறக்கை முழுக்கச் சீராகப் பரவியிருக்கவில்லை, பெரும்பகுதி மையத்தை ஒட்டியே இருக்கிறது. மாடலிங்கில் எனக்குத் தெரிந்து மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு இதை மறப்பதுதான்.

நானும் மறந்தவன்தான். முதலில் வரைந்த இறக்கைக்கு இரண்டே வெட்டுகள் வைத்தேன். அடியில் ஒன்று, நுனியில் ஒன்று, நடுவை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. திரையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வெட்டுகளுக்கு இடையே மென்பொருள் நேர்கோடுகளைத்தான் இழுக்கிறது, அதற்குப் பிட்ச் என்றால் என்னவென்று தெரியாது. அடியில் 22 மி.மீ., நுனியில் 12 மி.மீ. அகலம் வைத்தால் 60 மி.மீ.யில் கோணம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். இருக்க வேண்டியது 21.7. காற்றை இவ்வளவு செங்குத்தாக எதிர்கொள்ளும் இறக்கையின் முதுகிலிருந்து காற்று பிரிந்துவிடும். அதன்பின் மோட்டார் இழுவையோடு மல்லுக்கட்டுமே தவிர உந்துதல் தராது. இரைச்சலும் கூடும்.

சரியாகச் செய்யும் முறைக்கு வருவோம். நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட். வெட்டு முகத்துக்கு NACA 4412 என்ற பழைய, நன்கு சோதிக்கப்பட்ட வடிவம் போதும். அதில் 12 என்பது தடிமன், அகலத்தில் 12 சதவீதம். 4 என்பது வளைவின் உயரம், 4 சதவீதம். இன்னொரு 4, அந்த வளைவின் உச்சி முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத்தில் இருப்பதைச் சொல்கிறது. புள்ளிகள் பின்விளிம்பில் தொடங்கி, மேற்பக்கமாக முன்விளிம்புக்கு வந்து, அடிப்பக்கமாகத் திரும்பிப் போகும்.

இந்த வடிவத்தை நான்கு முறை நகலெடுத்து 22, 26, 22, 12 மி.மீ. அகலத்துக்குச் சுருக்க வேண்டும். அடுத்து வருவதில் வரிசை முக்கியம். முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளியிருக்கும் புள்ளி ஆரக்கோட்டின் மேல் உட்காரும்படி முதலில் வெட்டை நகர்த்துங்கள். பிறகு அந்தப் புள்ளியை அச்சாக வைத்து அதற்குரிய கோணத்துக்குத் திருப்புங்கள். அதற்குப் பின்தான் 30, 60, 90, 120 என்று அதனதன் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்விளிம்பை அச்சாக வைத்துத் திருப்பினாலும் கோணம் சரியாகவே வரும். ஆனால் முன்விளிம்பு நேராக நின்று, பின்விளிம்பு மட்டும் அலையும்.

கடைசியில் நான்கையும் `Loft` கட்டளையால் ஒரே உடலாக இணைக்கிறோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லா வெட்டுகளும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே திசையில் சுற்றி, ஒரே எண்ணிக்கையில் கோடுகளைக் கொண்டிருக்க வேண்டும். ஒன்று பின்விளிம்பிலும் அடுத்தது முன்விளிம்பிலும் தொடங்கினால், பிழிந்த ஈரத்துணி போல மேற்பரப்பு தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். புள்ளிகளைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக இணைக்காமல் ஒரே வளைகோடாகப் போட்டு, பின்விளிம்பை 0.8 மி.மீ. நேர்கோட்டால் மூடுங்கள். ஊசி போன்ற பின்விளிம்பு திரையில் வரும், பிரிண்டரில் வராது.

வந்த உடல் சரிதானா என்று கண்ணால் சொல்ல முடியாது. நாம் கோணம் கொடுத்த இடங்களில் அளந்தும் பயனில்லை, அங்கே எப்படியும் சரியாகவே இருக்கும். கொடுக்காத இடத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். 45 மி.மீ.யில் ஒரு தளத்தை வைத்து வெட்டி, முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டின் சாய்வை அளங்கள். கணக்குப்படி அது 28 டிகிரி. `Ruled surface` தேர்வு செய்யப்பட்டிருந்தால் 29.5 டிகிரியை ஒட்டி வரும், ஏனென்றால் அது வெட்டுகளுக்கு நடுவே நேர்கோடு இழுக்கிறது. அதை எடுத்துவிட்டால் மேற்பரப்பு வளைந்து போவதால் பிழை குறையும். இன்னும் நம்பகமான வழி, 45 மி.மீ.யிலேயே ஐந்தாவது வெட்டு ஒன்றை வைப்பது. நுனிப் பக்கம் கூடுதல் வெட்டுகள் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. இறக்கையின் ஒவ்வொரு புள்ளியும் வட்டத்தில் ஓடுகிறது, நாமோ வெட்டுகளைத் தட்டையான தளத்தில் வைக்கிறோம். ஒல்லியான இறக்கைக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. கப்பல் ப்ரொப்பெல்லர் போல அகன்ற இறக்கை என்றால் வெட்டுகளை உருளையின் மேல் சுற்றித்தான் வரைய வேண்டும்.

பிரிண்ட் எடுத்து ஓட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 6,000 சுற்றில், 120 மி.மீ.யில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 4.8 கிலோ எடையின் விசையோடு வெளியே இழுக்கும். பிரிண்ட் அடுக்குகள் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி படுக்கவைத்து எடுங்கள். நிறுத்தி எடுத்தால் அடுக்கும் அடுக்கும் ஒட்டிய இடத்தில் பிய்ந்துவிடும். முதல் ஓட்டத்தின்போது சுழலும் தளத்துக்கு நேராக நீங்களும் நிற்காதீர்கள், வேறு யாரையும் நிற்க விடாதீர்கள்.