நாற்பது படிவங்கள், ஒரே காரணம்

கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களுக்குப் போய்வரும் பேருந்தில் 40 பேர் சென்றதாகக் கொள்வோம். திரும்பியதும் கருத்துப் படிவங்கள் நிர்வாகத்துக்கான அறிக்கையாக வேண்டும்.

முதலில் எல்லாப் படிவங்களையும் ஒரு முறை படித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு படிவத்தையும் தனித்தனிக் குறைகளாகப் பிரிக்க வேண்டும். "திங்களூரில் விரட்டினார்கள், சாப்பாடு மூன்று மணிக்குத்தான்" என்பது இரண்டு குறை. எண்ண வேண்டியது ஆட்களை. ஒருவரே மூன்று இடத்தில் கோபித்தாலும் அவர் ஒருவர்தான்.

தலைப்பிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். விரட்டல், தாமதச் சாப்பாடு, நடை சாத்திய கோயில் என மூன்று தலைப்பு வைத்தால் வழிகாட்டி, சமையல்காரர், ஓட்டுநர் என மூவர் மீதும் பழி விழும். பயணக் குறிப்பேட்டைப் பார்த்தால், விடுதியிலிருந்து வண்டி 50 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது தெரியும். நண்பகலுக்குப் பின் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தி மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். காலையில் இழந்த நேரம் நாள் முழுக்கத் துரத்துகிறது. எனவே தலைப்பு ஒன்றுதான்: காலைப் புறப்பாடு.

அதன்கீழ் எத்தனை பேர் சொன்னார்கள், பயணியின் சொல்லிலேயே ஒரு வரி, பரிந்துரை ஆகியவை வர வேண்டும். "நேரம் தவறக் கூடாது" என்பது பரிந்துரை ஆகாது. "காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாக முந்தைய இரவே சொல்லிவைத்து, 5.30 மணிக்கு வண்டி எடுக்க வேண்டும், பொறுப்பு வழிகாட்டி" என்றால் நிர்வாகம் அன்றே முடிவெடுக்கலாம்.

ஒருவர் மட்டும் சொன்ன குறையைப் பொதுவாகத் தள்ளிவைக்கலாம். படிக்கட்டில் பிடிகம்பி ஆடுகிறது என்று ஒரே ஒரு பாட்டி எழுதியிருந்தால், அது அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டும்.